மூன்று மருந்து ஒரே மாத்திரையில்: இலங்கை ஆய்வு சொல்வது என்ன?

2018இல் வெளியான 'ட்ரையம்ஃப்' ஆய்வு, இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளில் உயர் இரத்த அழுத்தமுள்ள 700 பேரிடம் நடத்தப்பட்டது. அவர்கள் எழுந்தமானமாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மூன்று மருந்துகள் குறைந்த அளவில் சேர்ந்த ஒரே மாத்திரை கொடுக்கப்பட்டது. மற்றதற்கு வழமையான சிகிச்சை தொடர்ந்தது.

ஆறு மாதத்தில் அழுத்தம் 140/90க்குக் கீழ் (நீரிழிவு, சிறுநீரக நோயுள்ளோருக்கு 130/80க்குக் கீழ்) வந்ததா என்று பார்த்தனர். மாத்திரைக் குழுவில் 70 சதவீதத்தினர் இலக்கை எட்டினர். வழமைச் சிகிச்சையில் 55 சதவீதத்தினர். எனவே மேலதிகப் பயன் நூற்றுக்குப் 15 பேருக்கே. "70 பேருக்குக் குணம்" என்று மட்டும் எழுதினால் அது தவறான செய்தி.

தலைசுற்றல், மயக்கம் மாத்திரைக் குழுவில் 5.2 சதவீதம், மற்றதில் 2.8 சதவீதம். பக்கவிளைவால் சிகிச்சையை விட்டோர் இரண்டிலும் ஏறக்குறைய 7 சதவீதம். மாரடைப்பு குறைகிறதா என்பதற்கு ஆறு மாத ஆய்வில் விடை கிடைக்காது.