டெட்லைன் மிஸ் ஆயிடுச்சா? மேனேஜருக்கு ‘ஸாரி’ மெயில் இப்படி எழுதுங்க!

சாயங்காலம் 5 மணிக்குத் தர வேண்டிய ரிப்போர்ட். மணி 5.20. வேலை பாதியில நிக்குது. மேனேஜர் இன்னும் கேட்கலை. ‘ராத்திரி உட்கார்ந்து முடிச்சு, காலையில அனுப்பிட்டா தெரியாது’ன்னு மனசு சொல்லும். அந்த மனசை நம்பாதீங்க. அவர் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்க அனுப்பினா அது தகவல். கேட்ட பிறகு அனுப்பினா அது வெறும் சமாளிப்பு.

சரி, மெயில்ல என்ன எழுதுறது? ஒரு உதாரணத்தை எடுத்துக்கிட்டுப் பார்க்கலாம்.

என்ன நடந்தது?

நீங்க ஒரு நிறுவனத்தோட அக்கவுன்ட்ஸ் பிரிவுல வேலை பார்க்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். மாசாமாசம் ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போடுற நிறுவனம். உங்க கம்பெனிக்குப் பொருள் கொடுத்தவங்க, தங்கள் பில்களை 11-ம் தேதிக்குள்ள போர்ட்டல்ல ஏத்தணும். அதை வெச்சு 14-ம் தேதி ‘2பி’ங்கிற ஸ்டேட்மென்ட் வரும். நம்ம கையில இருக்கிற பில்லும் அதுல இருக்கிற பில்லும் பொருந்துதான்னு பார்க்கிறது உங்க வேலை. பொருந்துற பில்லுக்குத்தான் நாம ஏற்கெனவே கட்டின வரியைக் கழிச்சுக்க முடியும். 20-ம் தேதிக்குள்ள ‘3பி’ ரிட்டர்னைப் போட்டு, மீதி வரியைக் கட்டணும். தாமதமானா நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18% வட்டி.

உங்களுக்குக் கொடுத்த கெடு 18-ம் தேதி மாலை 5 மணி. மொத்தம் 140 பில். 117 பொருந்திடுச்சு. 23 பொருந்தலை. கெடு தாண்டிடுச்சு.

‘ஏன்?’னு உங்களையே கேளுங்க

முதல்ல கைக்கு வர்ற காரணம், ‘சப்ளையர்கள் போன் எடுக்கலை சார்’ங்கிறதுதான். அது உண்மையாவே இருக்கலாம். ஆனா, கொஞ்சம் தோண்டிப் பாருங்க.

அந்த 23-ல 9 பில், நம்ம பக்கம் நம்பரைத் தப்பா என்ட்ரி போட்டது. மீதி 14, சப்ளையர்கள் ஏத்தாதது. கெடு முடிஞ்ச பிறகு அவங்க ஏத்தினாலும் அது அடுத்த மாச 2பி-லதான் வரும். அப்போ, ஒன்றரை நாள் அவங்க பதிலுக்காகக் காத்திருந்ததே தேவையில்லாதது! 14-ம் தேதி வந்த ஸ்டேட்மென்ட்டை 17-ம் தேதிதான் திறந்தீங்க. ‘போன மாசம் அரை நாள்ல முடிஞ்சுதே’ன்னு நினைச்சீங்க. இதுதான் உண்மையான காரணம்.

நல்ல காரணத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. அதைச் சொன்னதும், ‘அடுத்த தடவை இதை மாத்திச் செய்யலாம்’னு ஒரு வழி தெரியணும். ‘சப்ளையர் போன் எடுக்கலை’ன்னா நீங்க மாத்திக்க ஒண்ணும் இல்லை. ‘லேட்டா ஆரம்பிச்சேன்’னா மாத்திக்க வழி இருக்கு. உடம்பு சரியில்லை, வீட்ல அவசரம்னா ஒரு வரி போதும். மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி விவரிக்க வேண்டாம்.

புது கெடு எப்படிக் குறிக்கிறது?

பயத்துல ‘ஒரு மணி நேரத்துல தந்துடறேன்’னு எழுதிடாதீங்க. இரண்டாவது கெடுவும் தப்பினா, முதல் மன்னிப்பும் செல்லாக்காசு ஆயிடும். மீதி வேலையை எண்ணுங்க. 9 பில் திருத்த, பில்லுக்கு 10 நிமிஷம்னா ஒன்றரை மணி நேரம். மொத்தத்தைச் சரிபார்க்க ஒரு மணி நேரம். காலை 9.30-க்கு ஆரம்பிச்சா 12 மணிக்கு முடியும். ஒரு மணி நேரம் கூடுதலா வெச்சுக்கிட்டு, மதியம் 1 மணின்னு எழுதுங்க.

மெயில் ரெடி

உங்க ஆபீஸ்ல இங்கிலீஷ்ல எழுதுற வழக்கம்னா அப்படியே எழுதுங்க. வரிசை மட்டும் மாற வேண்டாம்.

> சப்ஜெக்ட்: 2பி சரிபார்ப்பு ரிப்போர்ட் தாமதம் – 19-ம் தேதி மதியம் 1 மணிக்குத் தருகிறேன்
>
> வணக்கம் சார்,
>
> இன்று மாலை 5 மணிக்குத் தர வேண்டிய 2பி ரிப்போர்ட்டை என்னால் முடிக்க முடியவில்லை. மன்னிக்கவும். நாளை (19-ம் தேதி) மதியம் 1 மணிக்குள் தருகிறேன். 20-ம் தேதி 3பி தாக்கலுக்கு இதனால் பாதிப்பு வராது.
>
> இப்போதைய நிலை: 140 பில்களில் 117 பொருந்திவிட்டன. 9 பில்களில் நம் என்ட்ரி தவறு. நாளை காலை திருத்திவிடுவேன். 14 பில்களை சப்ளையர்கள் ஏற்றவில்லை. இவற்றின் வரி 61,400 ரூபாயை இந்த மாதம் கழிக்க முடியாது. அவ்வளவு தொகையைக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பட்டியலை இணைத்துள்ளேன்.
>
> காரணம்: 14-ம் தேதி வந்த ஸ்டேட்மென்ட்டை 17-ம் தேதிதான் எடுத்தேன். சப்ளையர்கள் பதிலுக்காகக் காத்திருந்ததை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
>
> அடுத்த மாதம் முதல், 9-ம் தேதியே சப்ளையர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவேன். 15-ம் தேதி சரிபார்ப்பை ஆரம்பித்து, பொருந்தாத பில்களின் பட்டியலை 16-ம் தேதி மாலை உங்களுக்குத் தருவேன்.
>
> நன்றி,
> (உங்கள் பெயர்)

இதுல கவனிக்க வேண்டியது என்ன?

‘மன்னிக்கவும்’ ஒரே ஒரு முறைதான் வருது. அதுக்கு அடுத்த வரியிலயே புது நேரம். பிஸியா இருக்கிற மேனேஜர், போன்ல நோட்டிஃபிகேஷனை மட்டும் பார்த்தாலும் சப்ஜெக்ட்லயே விஷயம் புரிஞ்சுடும்.

ரொம்ப முக்கியமானது அந்த 61,400 ரூபாய். உங்க வருத்தத்தைவிட, ‘20-ம் தேதி அக்கவுன்ட்ல எவ்வளவு பணம் இருக்கணும்?’ங்கிறதுதான் அவருக்கு வேணும். மெயிலை முடிச்சதும், ‘இதைப் படிச்சு அவர் என்ன முடிவு எடுக்கணும்? அதுக்குத் தேவையான எண் இதுல இருக்கா?’ன்னு ஒரு தடவை பாருங்க.

திருத்தம்ங்கிற பகுதியில ‘இனி இப்படி நடக்காது’ன்னு இல்லை. அது யாராலயும் சோதிச்சுப் பார்க்க முடியாத வாக்குறுதி. 9, 15, 16-னு தேதி இருந்தா, அடுத்த மாசம் நீங்க செஞ்சீங்களா இல்லையான்னு ரெண்டு பேருக்குமே தெரியும். என்ட்ரி போட்ட சக ஊழியர் பேரும் இதுல இல்லை. தப்பைத் திருத்தணும்னா அவர்கிட்ட நேர்ல சொல்லிக்கலாம். சி.சி-யில பத்து பேரைப் போட்டு சொல்ல வேண்டியதில்லை.

மெயில் மட்டும் போதாத நேரம்

இதே விஷயம் 20-ம் தேதி மதியம் தெரிய வந்தா? முதல்ல போன். ‘சார், ரிப்போர்ட் முடியலை. 117 பில்லுக்கான கணக்கு ரெடி. அதை மட்டும் வெச்சு இன்னிக்கே ரிட்டர்ன் போடலாமா?’ன்னு கேளுங்க. மீதியைப் பிறகு, சரிபார்த்த பில்லோட கணக்குல சேர்த்துக்கலாம். பேசி முடிச்ச பிறகு, முடிவானதை மெயில்ல பதிவு பண்ணுங்க. தாமதம் வெளி கிளையன்ட்டைப் பாதிக்கும்னா, அவங்களுக்கு நேரடியா மன்னிப்பு மெயில் தட்டாதீங்க. மேனேஜர்கிட்ட காட்டிட்டு அனுப்புங்க.

மறுநாள் 12 மணிக்கே, ‘1 மணிக்கு முடியாது’ன்னு தெரிஞ்சா, 12.05-க்கே சொல்லிடுங்க. முடிஞ்சுட்டா, புது மெயில் ஆரம்பிக்காம அதே மெயிலுக்கு ரிப்ளையா ரிப்போர்ட்டை அனுப்புங்க. சொன்ன நேரமும் தந்த நேரமும் ஒரே இடத்துல பதிவாகி இருக்கும்.