பத்து எழுத்து நடந்த வழி

கி.பி. 757, வசந்தகாலம். தாங் பேரரசின் தலைநகரமான சாங்ஆன், ஆன் லூஷான் தொடங்கிய கிளர்ச்சிப் படையின் கையில் இருக்கிறது. பேரரசர் முந்தைய ஆண்டே தப்பி ஓடிவிட்டார். புதிதாகப் பட்டமேற்ற அவருடைய மகனிடம் போய்ச் சேரப் புறப்பட்ட து ஃபு, வழியில் கிளர்ச்சிக்காரர்களிடம் பிடிபட்டு அந்த நகரத்துக்கே கொண்டுவரப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் வடக்கே ஃபூஜோவில் இருந்தார்கள். இந்த நிலையில் அவர் எட்டு அடியில் எழுதிய ‘வசந்தக் காட்சி’ என்ற கவிதை, சீனத்தில் படித்த எவருக்கும் தெரிந்த கவிதைகளில் ஒன்று. அதன் மூன்றாவது, நான்காவது அடிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அடிக்கு ஐந்து எழுத்தாக மொத்தம் பத்தே எழுத்து. மேலடியில் பூவும் கண்ணீரும் வருகின்றன. கீழடியில் பறவையும் நெஞ்சும் வருகின்றன.

இந்த வகைக் கவிதைக்கு ஒரு கட்டாயம் உண்டு. எட்டு அடிகளில் நடுவில் உள்ள இரண்டு ஈரடிகளும் சொல்லுக்குச் சொல் இணையாக நிற்க வேண்டும். மேலடியின் முதல் இடத்தில் வினை என்றால் கீழடியின் முதல் இடத்திலும் வினை, பெயருக்கு நேரே பெயர், உயிருள்ளதற்கு நேரே உயிருள்ளது. இரண்டு எழுத்து முடிந்ததும் மூச்சு லேசாக நிற்கும், பிறகு மூன்று எழுத்து. து ஃபுவின் ஈரடியில் முதல் இரண்டு எழுத்துகள் துயரத்தின் காரணத்தைச் சொல்கின்றன: மேலே கெட்டுப்போன காலம், கீழே பிரிவு. மீதி மூன்றில் பூ, தெறித்தல், கண்ணீர் ஒரு வரிசை. பறவை, திடுக்கிடல், நெஞ்சு மறு வரிசை. செவ்வியல் சீனத்தில் வேற்றுமை உருபு கிடையாது, வினைக்குக் காலமும் இடமும் காட்டும் விகுதி கிடையாது, ‘நான்’ என்று சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே அழுவது யார் என்பதைக் கவிதை சொல்வதில்லை. பூவே கண்ணீர் சிந்துகிறது, பறவையே நடுங்குகிறது என்று படிக்கலாம். பூவைக் கண்டு கவிஞர் அழுகிறார், பறவையின் குரல் கேட்டு அவர் நெஞ்சு திடுக்கிடுகிறது என்றும் படிக்கலாம். இலக்கணம் இரண்டுக்கும் சரிசமமாக இடம் கொடுக்கிறது.

இந்தப் பத்து எழுத்து எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அந்தக் கேள்விக்கு யாராவது ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1039இல் வாங் ஜூ து ஃபுவின் கவிதைகளைத் திரட்டித் தொகுத்தார். அந்தத் தொகுப்பு 1059இல் அச்சேறிய பிறகு கவிதை பலர் கைக்கும் போனது. அதே நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் சிமா குவாங் தமது கவிதைக் குறிப்புகளில் இந்தக் கவிதையை எடுத்துப் பேசினார். பூவும் பறவையும் சாதாரணக் காலத்தில் மனிதருக்கு மகிழ்ச்சி தருபவை. அவற்றைக் கண்டும் கேட்டும் ஒருவர் அழுகிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட காலம் என்பது தெரிந்துவிடும் என்பது அவர் விளக்கம். அழுவது மனிதர்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பின்வந்த உரைகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கமே சாய்ந்தன. ஆனால் மற்றப் பொருள் சாகவில்லை. இன்றைய சீனப் பள்ளி உரைகளிலும் இரண்டையும் அருகருகே பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த நிறுத்தம் கொரியா. 1446இல் கொரிய எழுத்துமுறை அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் 35 ஆண்டுகள் கழித்து, 1481இல், மன்னர் சோங்ஜொங் காலத்தில் ‘துசி ஓன்ஹே’ அச்சானது. து ஃபுவின் கவிதைகளைக் கொரிய மக்கள்மொழியில் பெயர்த்த நூல் அது. ஆங்கிலமோ பிரெஞ்சோ இந்தக் கவிஞரைத் தொடுவதற்கு நூற்றாண்டுகள் முன்பே நடந்த வேலை. தமிழருக்கு அதில் தனி அக்கறை இருக்க வேண்டும், ஏனென்றால் கொரியத்தின் வாக்கிய அமைப்பு நம்முடையதைப் போன்றது: வினை கடைசியில் வரும், பெயரோடு உருபு ஒட்டும். சீனத்தில் வெறுமனே நின்ற சொற்களுக்கு அந்தப் பெயர்ப்பாளர்கள் உருபு ஒட்டியே ஆக வேண்டும். அவர்கள் பூவை எழுவாயாக்கி, வினையைப் பிறவினை ஆக்கினார்கள். பூ கண்ணீரைத் தெறிக்கச் செய்கிறது, பறவை நெஞ்சைத் திடுக்கிடச் செய்கிறது என்ற போக்கு. யாருடைய கண்ணீர் என்ற சொல் அங்கேயும் இல்லைதான், ஆனால் பிறவினை வந்ததுமே அழுபவர் வேறு, அழவைப்பது வேறு என்று ஆகிவிடுகிறது. சிமா குவாங்கின் முடிவை இலக்கணமாகவே செய்துவிட்டார்கள். இதை மேலடியிலும் கீழடியிலும் ஒரே அளவில் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஈரடி ஒரு பக்கமாகச் சாயவில்லை.

ஆங்கிலத்தில் போனபோது சாய்ந்தது. விட்டர் பின்னர், கியாங் காங்ஹூவின் துணையோடு ‘முன்னூறு தாங் கவிதைகள்’ என்ற புகழ்பெற்ற திரட்டை முழுவதும் பெயர்த்து 1929இல் வெளியிட்டார். அவருடைய ஈரடி காதுக்கு இனிமையானது, சமமாகவும் நிற்கிறது. ஆனால் இதழ்கள் கண்ணீரைப் போல் உதிர்கின்றன என்று உவமையாக்கியதில் கெட்ட காலம் விடைபெற்றது. கீழடியில் பறவைகள் பாடுகின்றன, திடுக்கிடுவதில்லை. முதல் இரண்டு எழுத்துகளின் காரணம் போனதும் துயரம் எதற்கென்றே தெரியாமல் ஒரு பொதுச் சோகம் மிஞ்சியது. டேவிட் ஹாக்ஸ் 1967இல் வெளியிட்ட து ஃபு பற்றிய சிறு பாடநூல் வேறு வகை. அந்தத் திரட்டில் உள்ள து ஃபுவின் 35 கவிதைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாக விளக்கி, கடைசியில் உரைநடைப் பெயர்ப்புத் தருகிறது. இன்றும் அதைவிட நல்ல கைப்பிடி நூல் கிடைப்பது அரிது. அவர் பூவையே அழவிட்டார். ஆனால் பறவைக்கு வரும்போது ‘போல’ என்று ஒரு தயக்கத்தைச் சேர்த்தார். மேலடி உறுதியாகவும் கீழடி தயக்கமாகவும் நிற்க, இரண்டுக்கும் இருந்த நேர்கோடு வளைந்தது. உரைநடையில் இது சிறிய விஷயம் என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த ஈரடியில் இணைதான் பொருளைக் காவல் காக்கிறது.

இதற்கிடையே சீனத்திலேயே ஒரு திருப்பம். 1917 ஜனவரியில் ஹூ ஷி இலக்கியச் சீர்திருத்தத்துக்கு எட்டுக் கோரிக்கைகளை முன்வைத்தார். பேச்சுமொழியில் எழுதுவோம் என்ற இயக்கத்துக்கு வழி திறந்த கட்டுரை அது. அதன் கோரிக்கைகளில் ஒன்று, சொல்லுக்குச் சொல் இணை கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பது. புதிதாக எழுதுபவர்களுக்கு அது விடுதலைதான். ஆனால் பழையதை எளிய மொழிக்குக் கொண்டுவருபவரும், எளிமை என்றால் இணையை அவிழ்ப்பது என்று எண்ணிவிடுகிறார். அவிழ்த்தால் என்ன ஆகிறது என்பதை ஒரு பயிற்சியில் பார்க்கலாம். இதற்காக அதே யாப்புச் சட்டத்தில் நானே ஓர் ஈரடி கோத்திருக்கிறேன், உருபில்லாமல்:

எல்லை – நெடுநாள் – நாணல் – வெளு – தலை
ஊர் – நெடுந்தூரம் – நிலா – குளிர் – கை

எளிய உரைநடையாக முதலில் கைக்கு வருவது இது: ‘எல்லையில் வெகுநாளாகக் காவல் இருக்கிறேன். நாணல் பூத்து வெளுத்ததைப் பார்க்கும்போது என் தலையும் நரைத்துவிட்டது தெரிகிறது. ஊர் தூரத்தில் இருப்பதால் நிலவொளியில் கை குளிர்கிறது.’ படிக்கச் சிரமமில்லை. ஆனால் நாணலுக்குப் ‘பார்க்கும்போது’ வந்தது, நிலாவுக்கு வரவில்லை. மேலே இல்லாத ‘இருப்பதால்’ கீழே முளைத்தது. ஊர் தூரமானால் கை ஏன் குளிர வேண்டும்? மூலத்தில் பக்கத்தில் மட்டுமே வைக்கப்பட்ட இரண்டு விஷயங்களை நாம் காரண காரியமாகக் கட்டிவிட்டோம். பெயர்ப்பு கெட்டதைக் கண்டுபிடிக்க எளிய வழி இதுதான். இரண்டு அடிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, மேலே உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே துணை இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். துணையில்லாத சொல் பெரும்பாலும் நாம் சேர்த்ததாக இருக்கும்.

கொரியர்கள் செய்ததுபோலப் பிறவினை வைத்தால், ‘நாணல் தலையை வெளுக்க வைத்தது, நிலா கையைக் குளிர வைத்தது’ என்று வரும். இணை நிற்கிறது, ஆனால் தமிழில் அந்த ‘வைத்தது’ காரியாலயக் கடிதம்போல் கனக்கிறது. நான் நிறுத்திக்கொண்டது இங்கே:

எல்லையில் நாள் போக, நாணலில் வெளுத்தது தலை.
ஊருக்கு வழி நீள, நிலாவில் குளிர்ந்தது கை.

‘என்’ இல்லை, ‘ஆல்’ இல்லை. வினையைப் பெயருக்கு முன்னால் போடுவது நம் பேச்சில் தினமும் நடப்பதுதான், அதனால் எளிமை கெடவில்லை. இரண்டு அடியும் உடம்பின் ஓர் உறுப்பில் போய் முடிகின்றன. மேலடியை மட்டும் படித்தால், தலை நாணலுடையதாகவும் இருக்கலாம். கீழடி வந்ததும் அந்தச் சந்தேகம் தீர்கிறது, ஏனென்றால் நிலாவுக்குக் கை கிடையாது. கீழடி திரும்பிப்போய் மேலடியைத் திருத்துகிறது. இணையின் உண்மையான வேலை இதுதான். அவிழ்த்த உரைநடையில் இது நடக்கவே வழியில்லை.

இந்தத் தீர்வை அப்படியே எடுத்துக்கொண்டு து ஃபுவிடம் போனால் ஏமாற்றம். ‘பூவில்’ என்று போட்டால் கண்ணீர் பூவின்மேல் தெறிக்கிறது என்றாகிறது. அப்படிப் படிப்பவர்களும் உண்டு, அழகான காட்சிதான். ஆனால் கீழே விரலை வைத்துப் பார்த்தால் ‘பறவையில்’ நெஞ்சு திடுக்கிட வழியில்லை. மேலே ஓர் உருபு, கீழே வேறோர் உருபு என்று பிரித்தால் ஹாக்ஸ் விழுந்த பள்ளத்திலேயே விழுவோம். இங்கே கீழடி எதையும் தீர்த்துவைப்பதும் இல்லை: பறவைக்கு நெஞ்சு உண்டு, பனி பூத்த பூவுக்குக் கண்ணீரும் பொருந்தும். இரண்டு பொருளும் இரண்டு அடியிலும் கடைசிவரை உயிரோடு இருக்கும்படி அவர் கட்டியிருக்கிறார்.

தமிழில் இதற்குக் கைகொடுப்பது நான்காம் வேற்றுமை. ‘அவளுக்கு நெஞ்சு திடுக்கென்றது’ என்றால் திடுக்கிட்டவள் அவள். ‘இடிக்கு நெஞ்சு திடுக்கென்றது’ என்றால் இடி காரணம், நெஞ்சு வேறு யாருடையதோ. ஒரே ‘கு’ இரண்டையும் தாங்குகிறது. ஆகவே ‘பறவைக்கு’ என்று வைத்தால் பறவையும் நடுங்கலாம், பறவையின் சத்தத்துக்கு மனிதரும் நடுங்கலாம். ‘பூவுக்கு’ என்பதிலும் அப்படியே, ‘புகைக்குக் கண் எரிகிறது’ என்று நாம் சொல்வதால். முன்னால் வரும் காரணத்துக்கு ‘எண்ணி’, ‘நொந்து’ போன்ற எச்சங்களை வைக்கலாம். ‘அதை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது’ என்பது நமக்கு இயல்பான வாக்கியம் என்பதால், எண்ணியது பூவா மனிதரா என்பதை எச்சமும் காட்டிக்கொடுக்காது. உரைகளில் சிமா குவாங்குக்குப் பின் பின்தங்கிப்போன பொருள் இந்த வழியில் அவருடைய பொருளுக்குப் பக்கத்திலேயே உட்கார முடிகிறது. பூவின் பக்கம் இந்த ‘கு’ கொஞ்சம் பலவீனம்தான். இடியும் புகையும் மனிதரைத் தாக்குவதுபோல் பூ தாக்குவதில்லை, அதனால் வாசகர் முதலில் பூவே அழுவதாகத்தான் படிப்பார். பறவையிடம் வரும்போது இரண்டாவது பொருள் தட்டும், பிறகு மேலடிக்குத் திரும்பிப் போவார்.