துடிப்பைப் பார்த்து அடையாளம் காணும் கிருமி

1836ஆம் ஆண்டு. பாரிஸ் மருத்துவர் ஆல்ஃபிரெட் டோனே, ஆண்களிடமும் பெண்களிடமும் பிறப்புறுப்பிலிருந்து வெளிப்படும் கசிவுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். நோய்க்குக் கிருமி காரணம் என்ற கொள்கை நிலைபெறப் பல ஆண்டுகள் இருந்த காலம் அது. சீழ்த் திரவத்தில் ஏதோ ஒன்று தானாகவே நெளிந்து நகர்வதை அவர் கண்டார்.

அன்று அறியப்பட்டிருந்த மோனஸ், டிரைக்கோடஸ் என்ற இரு நுண்ணுயிர்களின் சாயலும் அதில் தெரிந்ததால், இரண்டையும் சேர்த்து 'டிரைக்கோமோனஸ்' என்று பெயர் வைத்தார். 1838இல் ஜெர்மானிய அறிஞர் எரன்பெர்க் அந்தப் பெயரைத் திருத்தி, 'டிரைக்கோமோனஸ் வஜைனாலிஸ்' ஆக்கினார். பெயர் நிலைத்தது. ஆனால் அது நோய் உண்டாக்கும் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பவில்லை. ஒரு தீங்கற்ற குடியிருப்பாளி என்றே பலர் அதை ஒதுக்கிவைத்தார்கள்.

டோனே பார்த்தது ஒரு ஓரணு உயிரி. வடிவம் பேரிக்காய் போன்றது; நீளம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான், அதாவது சீழணுவின் அளவு அல்லது சற்றுக் கூடுதல். முன்முனையில் நான்கு கசையிழைகள் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாவது இழை பின்னோக்கி வளைந்து, உடலின் பாதி நீளம் வரை ஒரு அலைச்சவ்வின் ஓரமாக ஓடும். கொடியில் காயும் புடவையின் கரை காற்றில் அலைவதுபோல் அந்தச் சவ்வு அலையும். உடலின் நடுவே ஒரு விறைத்த தண்டு சென்று, பின்முனையில் கூராக வெளியே நீட்டியிருக்கும். அதற்கு ஆக்சோஸ்டைல் என்று பெயர்.

இந்த உயிரிக்கு வாழ்வில் ஒரே நிலைதான். உண்டு, நகர்ந்து, நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து பெருகும் இந்த நிலையை டிரோபோசோயிட் என்கிறோம். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் அமீபாவுக்கோ ஜியார்டியாவுக்கோ சிஸ்ட் என்ற இன்னொரு நிலை உண்டு. அவை தடித்த உறைக்குள் சுருண்டு, மலத்தோடு வெளியேறி, தண்ணீரில் காத்திருந்து அடுத்தவர் வயிற்றை அடையும். டிரைக்கோமோனஸுக்கு அந்த உறை கிடையாது. காய்ந்தால் செத்துவிடும். அதனால்தான் அது தண்ணீர் வழியாகப் பரவாமல், உடலுறவின் மூலம் ஈரத்திலிருந்து ஈரத்துக்கு நேரே தாவுகிறது.

ஆய்வகத்தில் அதைப் பிடிக்கும் முறையும் இந்த உறையில்லாத உடலிலிருந்தே பிறக்கிறது. சிஸ்ட் இருந்தால் மாதிரி தாமதமாக வந்தாலும் தேடலாம். இங்கே தேடுவது ஒரு துடிப்பை.

ஒரு பெண் வெள்ளைப்படுதல், அரிப்பு என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் யோனிக் கசிவைப் பஞ்சுக் குச்சியால் எடுக்கிறார். பிஎச் தாளில் தொட்டால் 4.5க்கு மேல் காட்டுகிறது. இது ஒரு சைகைதான். பாக்டீரியா தொற்றிலும் இப்படி ஏறும். ஸ்லைடில் ஒரு சொட்டு நார்மல் சலைன் விட்டு, குச்சியைக் கலக்கி, கவர் ஸ்லிப் மூடி, முதலில் 10, பிறகு 40 ஆப்ஜெக்டிவில் பார்க்க வேண்டும். சீழணுக்கள் அசையாமல் கிடக்க, நடுவே ஒன்று வெட்டி வெட்டி உதறிக்கொண்டு சுழன்றால் அதுதான் டிரைக்கோமோனஸ்.

அதே ஸ்லைடு ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால்? துடிப்பு அடங்குகிறது. பேரிக்காய் உடல் உருண்டையாகிறது. இப்போது அது பக்கத்துச் சீழணுவைப் போலவே இருக்கும். அசைவைத் தவிர வேறு அடையாளத்தை நம்பாத டெக்னீஷியன் 'காணவில்லை' என்று எழுதுவார். எழுதியதில் தவறில்லை, ஸ்லைடு வந்த நேரத்தில்தான் தவறு. ஆகவே மாதிரி எடுத்த சில நிமிடங்களுக்குள் பார்த்துவிட வேண்டும், குளிர்ந்த இடத்தில் வைக்கக் கூடாது. மலப் பரிசோதனைப் பழக்கத்தில் அயோடின் விட்டால் உயிரி செத்து அசைவும் போய்விடும்.

உடனே பார்த்தாலும் இந்த முறை பல நோயாளிகளைத் தவறவிடும். உயிரிகள் குறைவாக இருந்தால் ஒரு சொட்டில் ஒன்றும் அகப்படாது. அப்போது மாதிரியை டயமண்ட் ஊடகம் போன்ற கல்ச்சரில் இட்டு, பெருகவிட்டு, சில நாட்கள் தொடர்ந்து பார்ப்பார்கள். அதற்கும் உயிருள்ள கிருமி வேண்டும். இன்று மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பரிசோதனைதான் மிக நுட்பமானது. அதற்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உயிரியின் அசைவை நம்பி நின்ற பழைய முறையின் குறையை அது அங்கேதான் தீர்க்கிறது.

ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. அது எட்டாத இடத்தில் மருத்துவர் இன்னமும் டோனே செய்ததையே செய்கிறார்: புதிதாக எடுத்த ஒரு சொட்டு, காய்வதற்குள் ஒரு பார்வை.