விரிதாள் வார்ப்புருக்களைத் தமிழ்ப்படுத்தல்: படப்பைச் சம்பளப் பதிவேடு

விரிதாள் வார்ப்புரு என்பது தலைப்புகள், ஃபார்முலாக்கள், சில வரி மாதிரித் தரவு ஆகியவற்றை முன்கூட்டியே இட்டுவைத்த ஆயத்தக் கோப்பு. வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு எனப் பல வேலைகளுக்கு இவை இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க அலுவலக வழக்கத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. தமிழில் வேலை பார்க்கும் ஊழியருக்காக இவற்றை மாற்றியமைப்பது தமிழ்ப்படுத்தல் எனப்படுகிறது. தலைப்புகளை மொழிபெயர்ப்பது இதில் எளிதான பகுதி. தேதி, வாரவிடுமுறை, பெயர் அமைப்பு போன்றவை ஃபார்முலாவுக்குள் மறைந்திருப்பதால் அவற்றில்தான் தவறு நேர்கிறது. அந்தத் தவறும் பல நேரங்களில் பிழைச்செய்தி எதையும் காட்டுவதில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அமைந்த படப்பை, இந்த வேலையின் நுணுக்கங்களைப் பார்க்கப் பொருத்தமான இடம். அதே சாலையில் சற்றுத் தள்ளி ஒரகடம் தொழிற்பகுதி இருக்கிறது. 2010-இல் அங்கே ரெனோ–நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகளும், லாரி அலுவலகங்களும், ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் நிறுவனங்களும் இயங்குகின்றன. இப்படிப்பட்ட சிறு அலுவலகத்தில் ஒருவரே வருகையைக் குறித்து, சம்பளம் கணக்கிட்டு, இ.எஸ்.ஐ. தொகையையும் பிடிப்பது உண்டு. அப்படியொரு சம்பளப் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டே இக்கட்டுரை செல்கிறது.

முதல் கேள்வி ஃபார்முலாப் பெயர்களைப் பற்றியது. ஜெர்மன் மொழி எக்செலில் SUM என்பது SUMME என்றும், பிரெஞ்சில் SOMME என்றும் தெரியும். கோப்புக்குள் சேமிக்கப்படுவதோ ஆங்கிலப் பெயர்தான். அதனால் ஜெர்மனியில் செய்த கோப்பைப் படப்பையில் திறந்தால் தானாகவே SUM என்று வந்துவிடும். தமிழில் நிலை வேறு: எக்செலின் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றினாலும் SUM, IF, COUNTIF எல்லாம் ஆங்கிலத்திலேயே நிற்கும். விளக்கக் குறிப்பில் யாராவது ஆர்வத்தில் =கூட்டு(...) என்று எழுதிவைத்தால், அதை அப்படியே தட்டச்சு செய்யும் ஊழியருக்கு #NAME? தான் கிடைக்கும். ஆகவே ஃபார்முலாப் பெயரை விட்டுவிட்டு, அது எதன்மேல் வேலை செய்கிறது என்பதைத் தமிழாக்குவதே சரியான வழி. தரவை எக்செலின் அட்டவணையாக மாற்றினால் (Insert → Table) நெடுவரிசைத் தலைப்பையே ஃபார்முலாவில் பயன்படுத்தலாம். அட்டவணையின் பெயரை மட்டும் Wages என ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டால் ஃபார்முலா இப்படி அமையும்:

```
=SUM(Wages[நிகர ஊதியம்])
=[@[நாள் கூலி]]*[@[வேலை நாட்கள்]]
```

G5*H5 என்றிருந்ததைவிட இதைக் கணக்கரால் எளிதாகப் படித்துச் சரிபார்க்க முடியும். எதை எதனால் பெருக்குகிறோம் என்பது ஃபார்முலாவிலேயே தமிழில் தெரிகிறது.

அடுத்தது, ஃபார்முலாவுக்குள் மேற்கோள் குறியில் இருக்கும் எழுத்துகள். ஆங்கில வருகைப் பதிவேட்டில் வந்தவருக்கு P என்றும், வராதவருக்கு A என்றும் குறிப்பார்கள். கடைசி நெடுவரிசை இந்த P-க்களை எண்ணும். தமிழ்ப்படுத்துபவர் P இருக்குமிடத்தில் ‘வ’ என்றும், A இருக்குமிடத்தில் ‘லீவு’ என்றும் கட்டங்களை மாற்றிவிட்டு, ஃபார்முலாவைத் தொடாமல் விட்டால் மொத்தம் பூஜ்யமாகிவிடும். ஃபார்முலா கேட்பது P. அது எங்கும் இல்லை. எனவே பூஜ்யம் என்பது அதன் கணக்கில் சரியான விடை. குறியீட்டை ஒரே ஒரு கட்டத்தில் எழுதி, ஃபார்முலா அந்தக் கட்டத்தைப் பார்க்கும்படி செய்துவிட்டால் இந்தச் சிக்கல் நிரந்தரமாகத் தீரும். கீழே முதல் வரி பழையது, இரண்டாவது புதியது. $B$1-இல் ‘வ’ என்று இருக்கிறது.

```
=COUNTIF(E5:AI5,"P")
=COUNTIF(E5:AI5,$B$1)
```

வாரவிடுமுறை இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கிறது. NETWORKDAYS என்ற ஃபார்முலா சனி, ஞாயிறு இரண்டையுமே விடுமுறையாகக் கொள்ளும். பட்டறையிலோ சனிக்கிழமையும் வேலை நாள். எக்செல் 2010 முதல் உள்ள NETWORKDAYS.INTL இதற்கு வழி தருகிறது. அதில் 11 என்ற எண் ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதைக் குறிக்கும்.

```
=NETWORKDAYS(DATE(2025,4,1),DATE(2025,4,30))
=NETWORKDAYS.INTL(DATE(2025,4,1),DATE(2025,4,30),11)
```

2025 ஏப்ரலுக்கு முதலாவது 22 என்றும், இரண்டாவது 26 என்றும் விடை தரும். மாதம் 15,600 ரூபாய் சம்பளம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 23 நாள் வேலைக்கு வந்தார். ஏப்ரல் 14 சம்பளத்துடன் கூடிய விடுமுறை. இரண்டு நாள் சம்பளமில்லாத லீவு. ஆக 24 நாளுக்குக் கூலி. 26-ஆல் வகுத்தால் நாள் கூலி 600, வர வேண்டியது 14,400. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம் என்பதால் 108 ரூபாய் பிடித்தமாகும். வார்ப்புருவை மாற்றாமல் 22-ஆல் வகுத்தால் நாள் கூலி 709 ரூபாய் 9 காசு ஆகி, 24 நாளுக்கு 17,018 ரூபாய் வந்து நிற்கும். இரண்டு நாள் லீவு போட்டவருக்கு முழு மாதச் சம்பளத்தைவிட அதிகம் வந்தால் வகுக்கும் எண்ணில்தான் கோளாறு என்று கண்டுகொள்ளலாம்.

இதே ஃபார்முலாவில் நான்காவதாக விடுமுறைப் பட்டியலையும் தரலாம். வார்ப்புருவில் ஜூலை 4 போன்ற அமெரிக்க விடுமுறைகள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டு நம் பட்டியலை இட வேண்டும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுத் தொழில் நிறுவன விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், அவற்றுடன் ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை. ஐந்து பண்டிகை எவை என்பது ஆண்டுக்காண்டு முடிவாகும் என்பதால் ஒன்பது வரிகள் கொண்ட பட்டியலைத் தனித் தாளில் வைத்து, ஜனவரியில் நிரப்புவதே வசதி. ஓர் எச்சரிக்கை: அந்த நாட்களைக் கழித்த எண்ணைக் கொண்டு நாள் கூலியை வகுத்தால் மேலே கண்ட அதே தவறு சிறிய அளவில் திரும்ப வரும். அவை சம்பள நாட்கள். வேலை நாட்கள் எத்தனை என்று பார்க்க மட்டுமே கழிக்க வேண்டும்.

இனி தேதி. தமிழ்நாட்டில் கடிதத்திலும் பதிவேட்டிலும் தேதியைப் புள்ளியிட்டு 05.04.2025 என்று எழுதுவதே கைப்பழக்கம். இந்திய வட்டார அமைப்பில் உள்ள கணினியில் எக்செல் எதிர்பார்ப்பது கோடு: 05-04-2025 அல்லது 05/04/2025. புள்ளியிட்டதை அது தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். மேலோட்டமான பார்வைக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் எப்போது முடிகிறது என்று EDATE கொண்டு கேட்டால் #VALUE! என்று வந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் ஏப்ரலில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று COUNTIFS-இல் கேட்டால், எழுத்தாக உள்ளவர்களை விட்டுவிட்டுக் குறைந்த எண்ணிக்கையை அமைதியாகத் தந்துவிடும்.

கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் விடப்பட்டிருந்தால் சேதம் இதைவிட மோசம். 05/04/2025 என்று அடித்தால் மே 4 ஆகிவிடும். 13/04/2025 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் எழுத்தாகவே நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும், சில இடப்பக்கம் ஒட்டியும் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. உறுதி செய்ய, கட்டத்தின் வடிவமைப்பை General ஆக்கிப் பார்க்கலாம். எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது: 2025 ஏப்ரல் 5 என்பது 45752, மே 4 என்பது 45781. எண்ணாக மாறாமல் அப்படியே நிற்பது எழுத்து.

எழுத்தாக நின்ற தேதிகளை மீட்பது கடினமல்ல. நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Data → Text to Columns சென்று, மூன்றாம் படியில் Date என்பதற்கு DMY கொடுத்தால் அவை தேதியாகிவிடும். நாளும் மாதமும் இடம் மாறிப்போன தேதிகளுக்கு இது உதவாது. அவை எக்செலைப் பொறுத்தவரை செல்லுபடியான தேதிகள். 12-க்கு உட்பட்ட நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுதிய பதிவேட்டுடன் ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும். ஆகவே கணினியின் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுவதை முதல் தரவு ஏறும் முன்பே செய்துவிட வேண்டும். ஊழியரின் கண்ணுக்குப் பழகிய புள்ளியையும் இழக்க வேண்டியதில்லை. அடிக்கும்போது கோடு, காட்டும்போது புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டத்தின் வடிவமைப்பில் dd.mm.yyyy என்று கொடுத்தால் போதும். சம்பளச் சீட்டில் மாதத்தின் பெயர் தமிழில் வர வேண்டுமானால் எக்செலில் இதைத் தரலாம். 449 என்பது இந்தியத் தமிழுக்கான குறி.

```
[$-449]mmmm yyyy
```

அப்போது ‘ஏப்ரல் 2025’ என்று தெரியும். உள்ளே இருப்பது அதே தேதி எண் என்பதால் வரிசைப்படுத்துவதும் கணக்கிடுவதும் கெடாது.

மாதிரித் தரவு அலங்காரத்துக்காக இருப்பதல்ல. புது ஊழியர் அதைப் பார்த்துத்தான் எந்தக் கட்டத்தில் எதை எப்படி நிரப்புவது என்று கற்றுக்கொள்கிறார். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு நெடுவரிசைகள் இருந்தால் நம்மூர்ப் பெயர் அதில் அடங்காது. ‘மு. செல்வி’ என்பதில் ‘மு’ தந்தை பெயரின் முதலெழுத்து. பெயரை இனிஷியலோடு ஒரே கட்டத்தில் எழுதினால் அகரவரிசை இனிஷியலின்படி அமைந்துவிடும். தந்தை பெயரிலிருந்து இனிஷியலை ஃபார்முலாவால் எடுக்கலாம் என்று நினைத்தால் அதுவும் தவறும். ‘முருகன்’ என்ற சொல்லுக்கு LEFT(A2,1) தருவது ‘ம’. எக்செலுக்கு ‘மு’ என்பது ‘ம’வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு எழுத்து. எனவே இனிஷியல், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் என மூன்று நெடுவரிசைகள் வைத்து, இனிஷியலைக் கையாலேயே அடிப்பது நல்லது.

ஊர்ப் பெயர்களில் படப்பை, மணிமங்கலம், ஒரகடம் என்று இடலாம். ஆதார் நெடுவரிசைக்கு மாதிரி தேவைப்பட்டால் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைத் தர வேண்டும். ஆதார் எண் பூஜ்யத்திலோ ஒன்றிலோ தொடங்குவதில்லை என்பதால் அது எவருடையதாகவும் இருக்காது. அந்த நெடுவரிசையை முன்கூட்டியே Text ஆக்கிவைக்காவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்துவிடும். 12 இலக்க எண்ணும் 2.34E+11 போலச் சுருங்கித் தெரியும். வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே ஏற்பாடு கட்டாயம். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், பிறகு அதை மீட்க வழியில்லை.

மாதிரி வரிகளை உண்மையான பதிவேட்டின் மேல்வரிகளில் வைத்தால், அவற்றை அழிக்க மறந்த மாதத்தில் மொத்தச் சம்பளத்தில் அவையும் சேர்ந்துவிடும். அதனால் ‘மாதிரி’ என்ற தனித் தாளில் அதே தலைப்புகளுடன் மூன்று நான்கு வரிகளை வைத்து, உண்மைத் தாளை வெறுமையாகத் தருவது பாதுகாப்பு. தேதி நெடுவரிசைக்கு Data Validation-இல் தேதி மட்டும் என்று நிபந்தனை வைத்தால், புள்ளியிட்டு அடித்ததை எக்செல் அங்கேயே மறுக்கும். மறுப்புச் செய்தியையும் ‘05-04-2025 என்று கோடிட்டு அடிக்கவும்’ எனத் தமிழிலேயே எழுதிவைக்கலாம். வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும் தேதிகளை இந்த நிபந்தனை தடுக்காது. ஆள் அனுப்பும் நிறுவனங்களில் பெயர்ப்பட்டியல் ஒட்டுவதன் வழியாகவே வருவதுண்டு என்பதால், மாதக் கணக்கை முடிக்கும் முன் பக்கத்து நெடுவரிசையில் =ISNUMBER(C5) இட்டு, FALSE வரும் வரிகளைப் பார்த்துவிட வேண்டும்.