பயிற்சித் திட்டக் கண்காணிப்பும் மதிப்பீடும்

பயிற்சி பலன் தந்ததா என்பதை எந்தக் குறியீட்டால், எந்தத் தரவைக் கொண்டு, எப்போது, யார் பார்ப்பது என்று முன்கூட்டியே வகுப்பது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு படிகள் (எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு) இதற்கு இன்றும் அடிப்படை.

இந்தியாவின் ஆஷா பணியாளர்கள் பச்சிளங்குழந்தையின் மூச்சை எண்ணக் கற்கிறார்கள். நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து. இந்தப் பயிற்சிக்கு "30 பேர் வந்தார்கள்" என்பது வருகைக் கணக்கு மட்டுமே. முழு நிமிடம் சரியாக எண்ணுவோர் எத்தனை பேர் என்பதே நல்ல குறியீடு. பயிற்சிக்கு முன்பும் கடைசி நாளிலும் பயிற்றுநர் சோதிக்கிறார். மூன்றாம் மாதம் மேற்பார்வையாளர் குழந்தையின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்.

உதாரணமாக, 30 பேரில் முதலில் 9, முடிவில் 27, மூன்றாம் மாதம் 16 என்று வந்தால், பாடத்தைக் குறை சொல்லுமுன் அவர்கள் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணியை விட்டுப் போனவரைக் கழித்துவிட்டு விகிதம் போடக் கூடாது.

மூச்சுக் கணக்கைப் பதியும் படிவத்தில் எல்லா எண்ணும் 40, 50 என்றே இருந்தால் சந்தேகப்படுங்கள்: உண்மையில் எண்ணியிருந்தால் 43-ம் 47-ம் வந்திருக்கும்.