பென்சில் பெட்டிக்குள் கிடந்தது பென் டிரைவ் அல்ல

மாத்தளையில் தரம் 10 மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். கடந்த தவணையில் ஒரு தாய் கைக்குட்டையில் சுற்றிய பொருளொன்றை என்னிடம் கொண்டுவந்தார். "டீச்சர், புள்ளையின்ட பென்சில் பெட்டியில இது கிடந்திச்சி. பென் டிரைவா?" என்று கேட்டார். ஒரு முனையில் சார்ஜ் போடும் துளையும் மறுமுனையில் உறிஞ்சும் வாயும் இருந்தன. மாம்பழ வாசம் அடித்தது. அது வேப், அதாவது இலத்திரனியல் சிகரெட்.

அந்த மாணவன் ஒவ்வொரு இரண்டு பாடவேளைக்கும் கழிப்பறை செல்ல அனுமதி கேட்பான். சோம்பல் என்று நினைத்து நானும் ஏசியிருக்கிறேன். காரணம் நிக்கொட்டின். இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பழகிய மூளை அதற்கு முன்பே அடுத்த இழுப்பைக் கேட்கத் தொடங்கும். சிகரெட் எரிந்து முடிந்துவிடும், வேப் அப்படி முடியாது. அதனால் எவ்வளவு இழுத்தோம் என்பது பிள்ளைக்கே தெரியாது.

வீட்டில் கவனிக்கக்கூடியவை இவை: காரணமின்றி வரும் பழ அல்லது புதினா வாசம், வாய் வறட்சி, அடிக்கடி தண்ணீர் குடித்தல், வறட்டு இருமல், யாருடையதென்று தெரியாத சிறு சார்ஜர். இவற்றில் ஒன்று மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் காலையில் கண் விழித்ததும் எரிச்சல், சற்று வெளியே போய் வந்ததும் அமைதி என்ற ஒழுங்கு தினமும் தெரிந்தால், பிள்ளை நிக்கொட்டினுக்கு அடிமையாகியிருக்கக்கூடும்.

அந்தத் தாயிடம் அடிக்க வேண்டாம் என்றேன். அடி விழுந்தால் பொருள் மறையும், பழக்கம் மறையாது. "காலையில எழும்பி எவ்வளவு நேரத்தில இது தேவைப்படுது?" என்று மட்டும் மகனிடம் கேட்கச் சொன்னேன். "பல்லு விளக்க முதலே" என்றானாம். கடுமையாகப் பழகிவிட்டான் என்பதற்கு அந்தப் பதிலே போதும்.

விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமையை நிறுத்தும் நாளாக அவனே தெரிவு செய்தான். தலைவலி, கோபம், தூக்கமின்மை எல்லாம் இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குச் செல்லும், பிறகு மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். அந்த மூன்று நாளும் தாய் அவனுடன் சண்டை பிடிக்கவில்லை. ஆசை எழும்போது தண்ணீர் குடித்துவிட்டு பத்து நிமிடம் நடந்தான். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும்.

பாடசாலை தொடங்கிய வாரத்தில் நண்பனிடம் வாங்கி மீண்டும் ஒருமுறை இழுத்தான். தாய் அதைத் தோல்வியாக எடுக்கவில்லை. எங்கே, யாருடன் என்று மட்டும் பேசினார்கள். இடைவேளையில் வேறு இடத்தில் நிற்க அவன் முடிவு செய்தான்.

நிக்கொட்டின் பட்டை, சுவிங்கம் ஆகியவற்றை வைத்தியரைக் கேட்காமல் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. தூக்கமின்மையோ மனச்சோர்வோ சில வாரங்களுக்குப் பிறகும் நீடித்தால், அது பழக்கத்துக்கு முன்பே இருந்த வேறு காயமாக இருக்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.