கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு மண்டலங்கள்: உங்கள் எண் சரியானதா?

தாமான் பூங்காவிலும் தோட்டச் சாலையிலும் காலையில் மெதுவோட்டம் போகிறவர்களில் பலர் இப்போது இதயத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறார்கள். ஓட்டம் முடிந்து கைப்பேசிச் செயலியைத் திறந்தால் ஐந்து நிறங்களில் ஐந்து பட்டைகள் தெரியும். அவைதான் மண்டலங்கள். 1 என்பது நடைக்குச் சமம். 2 சுலபமான ஓட்டம். 3 கொஞ்சம் மூச்சு வாங்கும் நிலை. 4 கடினம். 5 சில நிமிடங்களுக்கு மேல் தாங்காத வேகம்.

இதில் அடிக்கடி எழும் குழப்பம் ஒன்று உண்டு. நண்பரோடு கதை பேசிக்கொண்டே ஓடியிருப்பார், ஆனால் அரை மணி நேரமும் 4ஆம் மண்டலத்தில் இருந்ததாகக் கடிகாரம் காட்டும். பயந்துபோய் ஓடுவதையே விட்டவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் இதயம் இல்லை. கடிகாரத்துக்குள் பதிவாகியிருக்கும் ஒரே ஓர் எண்தான்.

அந்த எண் உச்சத் துடிப்பு, அதாவது ஒருவர் முழு மூச்சாக ஓடும்போது இதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எத்தனை முறை துடிக்கும் என்ற கணக்கு. கடிகாரத்தை முதன்முதலில் இயக்கும்போது அது பிறந்த ஆண்டைக் கேட்கிறது. பல கடிகாரங்கள் 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்து, வருவதை உச்சத் துடிப்பாக வைத்துக்கொள்கின்றன. ஐந்து மண்டலங்களும் அதன் விழுக்காடுகளாகவே பிரிக்கப்படுகின்றன. 50 முதல் 60 விழுக்காடு வரை முதல் மண்டலம், அடுத்த பத்து இரண்டாவது, இப்படி 100 வரை.

இந்த 220 கணக்கு 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் ஆகியோர் வழியாகப் பரவியது. பல ஆய்வுகளின் விவரங்களைப் புள்ளிகளாக வைத்து, அவற்றின் நடுவே போட்ட தோராயமான கோடு அது. கூட்டத்தின் சராசரிக்கு அது சரி, தனி மனிதருக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பில் பத்து, பன்னிரண்டு துடிப்புகள் கூடக் குறைய இருப்பது சாதாரணம். அப்பாவின் உயரம் மகனுக்கு வருவதுபோல இதுவும் பெரும்பாலும் பிறவியில் வருவது. உச்சம் அதிகமாக இருப்பவர் நல்ல ஓட்டக்காரர் என்றும் ஆகாது.

ஒரே ஓட்டம், மூன்று மண்டலங்கள்

46 வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடிகாரக் கணக்குப்படி அவருடைய உச்சம் 220 - 46 = 174. அதில் 80 விழுக்காடு 139. காலையில் அவர் சுலபமாக ஓடும்போது துடிப்பு 140 காட்டுகிறது. உடனே கடிகாரம் 4ஆம் மண்டலம் என்கிறது.

ஆனால் மேட்டில் வேகமாக ஓடிப் பார்த்தபோது அவருடைய துடிப்பு 188 வரை போனது. அப்படியென்றால் அவருடைய உண்மையான உச்சம் 174 இல்லை, குறைந்தது 188. அதைக் கடிகாரத்தில் பதிந்ததும் அதே 140, ஏறக்குறைய 74 விழுக்காடு ஆகி, 3ஆம் மண்டலத்துக்கு இறங்கிவிடுகிறது.

இன்னொரு படியும் இருக்கிறது. இதயம் பூஜ்யத்திலிருந்து துடிக்கத் தொடங்குவதில்லை. இவருக்குக் காலையில் கண் விழித்துப் படுத்திருக்கும்போது 60 துடிப்பு. ஆகவே ஓட்டத்துக்காக இதயத்தில் மிச்சம் இருப்பது 188-இல் 60 போக 128 துடிப்புதான். பின்லாந்து ஆய்வாளர் கார்வோனென் 1957-இல் காட்டிய வழி, இந்த மிச்சத்தில் விழுக்காடு பார்த்து, அதோடு ஓய்வுத் துடிப்பைக் கூட்டுவது:

```
60% : 60 + (128 x 0.60) = 137
70% : 60 + (128 x 0.70) = 150
```

இந்த முறையில் அவருடைய 2ஆம் மண்டலம் 137 முதல் 150 வரை. காலை ஓட்டத்தின் 140 அதற்குள் வந்துவிடுகிறது. அதே கால், அதே சாலை, அதே துடிப்பு. கணக்கைப் பொறுத்து அது கடினம், நடுத்தரம், சுலபம் என்று மூன்று பெயர் வாங்கியிருக்கிறது. சில கடிகாரங்களின் செயலியில் மண்டலக் கணக்கை `%Max HR` அல்லது `%HRR` என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதுதான் கார்வோனென் முறை. ஓய்வுத் துடிப்பை ஒழுங்காகப் பதிந்தால் ஓடும்போது உடம்பு உணர்வதற்கு இது பெரும்பாலும் நெருங்கி வரும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும், அதுதான் கவனிக்க வேண்டியது. அதே 46 வயதில் இன்னொருவரின் உண்மையான உச்சம் 162 என்று வைத்துக்கொள்வோம். 138-இல் அவர் ஓடும்போது கடிகாரம் 3ஆம் மண்டலம் என்று ஆறுதல் சொல்லும். அவருக்கோ அது உச்சத்தில் 85 விழுக்காடு. நிறத்தை நம்பி அவர் தினமும் கடினமாக ஓடிக்கொண்டிருப்பார். வாரக் கடைசியில் ஏன் இவ்வளவு களைப்பு என்பதுதான் அவருக்கு விளங்காது.

ஒரு குறள் சொல்லிப் பாருங்கள்

எந்தக் கணக்கு நமக்குப் பொருந்துகிறது என்று சோதிக்க மூச்சே போதும். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும், மனப்பாடமாகத் தெரிந்த ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏழே சீர்தான். இடையில் மூச்சு இழுக்காமல் முழுக் குறளும் வந்து, இன்னொன்றும் சொல்ல முடிந்தால் அது சுலபமான ஓட்டம். முதல் அடியின் நான்கு சீரோடு நின்று மூச்சு வாங்கினால் நடுத்தரத்தைத் தாண்டத் தொடங்கிவிட்டது. இரண்டு சொல்லுக்கு மேல் வராவிட்டால் நிச்சயமாகக் கடினம்.

வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குறள் உடையத் தொடங்கும்போது கடிகாரம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாள் பார்த்தால் ஏறக்குறைய ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். 2ஆம் மண்டலத்தின் மேல் எல்லை அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். கடிகாரத்தின் எல்லை அதைவிட இருபது துடிப்பு கீழே நின்றால், பதிவாகியிருக்கும் உச்சம் தவறு என்று அர்த்தம். வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறவருக்கு இந்த ஒரு எல்லை தெரிந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. இரண்டு நாள் அதற்குக் கீழே, ஒரு நாள் மேலே என்று வைத்துக்கொள்ளலாம்.

உச்சத்தை நேரடியாகக் காண விரும்புவோர் கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு, இரண்டு மூன்று நிமிடம் ஏறக்கூடிய மேட்டில் மூன்று முறை ஓடுவார்கள். ஒவ்வொரு முறையும் இறங்கும்போது நடை. கடைசி ஏற்றத்தில் முழு வேகம். அப்போது வரும் மிகப் பெரிய எண்தான் பதிய வேண்டியது. ஆனால் இது எல்லாருக்கும் உரிய சோதனை இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள் முதலில் கிளினிக் கெசிஹாத்தானிலோ பலதுறை மருந்தகத்திலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை குறள் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓடும்போது நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்தாலோ, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினாலோ, தலை சுற்றினாலோ கடிகாரம் என்ன காட்டினாலும் அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும்.

ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. அந்த மாத்திரைகளின் வேலையே துடிப்பு ஏறவிடாமல் பிடித்துவைப்பது. மேல்மூச்சு வாங்கும்போதும் கடிகாரம் 2ஆம் மண்டலம் என்று காட்டலாம். அவர்களுக்கு மூச்சுதான் அளவுகோல். மண்டலம் ஏற வேண்டும் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கடிகாரம் ஏமாறும் நேரம்

கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அதைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. கடிகாரம் தளர்ந்து ஆடினால் ரத்தத்தின் அசைவுக்குப் பதில் கையின் அசைவை எண்ணத் தொடங்கிவிடும். ஓடுகிறவரின் காலடி நிமிடத்துக்கு 160, 170 என்று விழும். இதயத் துடிப்பும் அதே எண்ணாகத் திரையில் நிற்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே 165 வந்து, மேடு பள்ளம் எதற்கும் அசையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். உடனே நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். விரலுக்கு 128 வந்து, நிற்பதற்குமுன் கடிகாரம் 168 காட்டியிருந்தால், அது எண்ணியது காலை. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, தோலோடு ஒட்டும்படி வாரை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் அடங்காவிட்டால் மார்புப் பட்டை வாங்கலாம். அது இதயத்தின் மின் துடிப்பையே பிடிப்பதால் கையசைவில் ஏமாறாது. மேட்டுச் சோதனையில் கிடைத்த உச்சத்தையும் இதே சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஒரே விநாடி தாவி மறைந்த 203 போன்ற எண்ணைப் பதியக் கூடாது.

மிச்சம் இருப்பது நம் ஊர் புழுக்கம். ஒரே வேகத்தில் ஓடினாலும் முதல் இருபது நிமிடம் 140-இல் இருந்த துடிப்பு ஐம்பதாவது நிமிடத்தில் 152 ஆகியிருக்கும். உடம்பைக் குளிர வைக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. வியர்வையில் ரத்தத்தின் நீரும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால், இதயம் கூடுதல் முறை துடித்து அதை ஈடுகட்டுகிறது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், அதனால் சூடு தணியாது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய பயிற்சி அட்டவணையில் உள்ள வேகத்தை இங்கே அப்படியே பிடித்தால், இரண்டாம் பாதி முழுவதும் 4ஆம் மண்டலத்தில் கழியும். சுலபமான ஓட்டம் என்று கிளம்பிய நாளில் துடிப்பு தன் எல்லையைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு நிமிடம் நடந்து, எண் இறங்கிய பிறகு தொடரலாம். மாலை ஐந்து மணிக்கு ஓடுகிறவருக்கு இது காலை ஆறு மணிக்காரரைவிட முன்னதாகவே தேவைப்படும்.